குக்கரில் கேக்: முட்டை எழும் நேரமும் இறுகும் நேரமும்

அடுப்பின் மேல் வைத்த பாத்திரத்தில் கேக் செய்யும்போது சூடு கீழிருந்து மட்டுமே வருகிறது, அதுவும் மெதுவாகத்தான் ஏறுகிறது. ஓவனுக்கென்று எழுதப்பட்ட குறிப்பை அப்படியே எடுத்துக் குக்கரில் வைத்தால், அரை மணி நேரத்தில் அழகாக எழும்பி நிற்கும் கேக் இறக்கிய சற்று நேரத்தில் நடுவில் அமுங்கிவிடுவது இதனால்தான். அடித்த முட்டைக்குள் சிக்கியிருக்கும் காற்றுக் குமிழ்கள் சூட்டில் விரிந்து மாவைத் தூக்குகின்றன. அந்தக் குமிழ்களைச் சுற்றியுள்ள முட்டைப் புரதம் பிறகு இறுகி, எழும்பிய உயரத்திலேயே கேக்கை நிறுத்துகிறது. இறுகுவதற்கு முன் குமிழ்கள் உடைந்தால் கேக் படுத்துவிடும். விரிவதற்கு முன்பே ஓரம் இறுகிவிட்டால் கேக் கட்டையாகி, நடுப்பகுதி மட்டும் பிளந்துகொண்டு மேலே வரும். குக்கரில் செய்ய வேண்டிய ஏற்பாடுகள் எல்லாமே இந்த இரண்டு நேரங்களையும் பொருத்தி வைப்பதற்கானவை. சேலத்துச் சமையலறை ஒன்றில் மூன்று முட்டைக் கேக் செய்வதை முன்வைத்து அவற்றைச் சொல்கிறேன். அதே கேக்கை ஏற்காட்டில் செய்வதானால் எதை மாற்ற வேண்டும் என்பது கடைசியில் வருகிறது.

பாத்திரமும் மூடியும்

ஐந்து லிட்டர் குக்கரோ, அடி கனத்த அலுமினியக் குண்டாவோ, வார்ப்பிரும்புச் சட்டியோ போதும். உள்ளே வைக்கும் கேக் டின்னைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு விரல் அகலம் இடைவெளி இருக்க வேண்டும். டின் பாத்திரத்தின் சுவரைத் தொட்டால், தொட்ட இடத்தில் கேக் கருகிவிடும். இந்த அளவுக்கு ஏழு அங்குல அகலமும் மூன்று அங்குல உயரமும் உள்ள அலுமினிய டின் பொருந்தும். கடையில் டின் வாங்கும் முன் குக்கரின் உள் அகலத்தை ஒரு நூலால் அளந்து எடுத்துச் செல்வது நல்லது, ஏனெனில் ஒரே லிட்டர் கணக்குள்ள குக்கர்கள் சில அகன்றும் சில உயர்ந்தும் இருக்கின்றன. நான்-ஸ்டிக் பாத்திரத்தை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. வெறுமனே சூடேறும்போது அதன் பூச்சு கெட்டுப் புகை விடும்.

இந்த முறையில் குக்கருக்குள் தண்ணீர் இல்லை, அழுத்தமும் இல்லை. எனவே வெயிட் எனப்படும் விசிலையும் ரப்பர் கேஸ்கெட்டையும் தவறாமல் எடுத்துவிட வேண்டும். இதைப் பலரும் சொல்வார்கள்; சேஃப்டி வால்வைப் பற்றி யாரும் சொல்வதில்லை. மூடியில் இருக்கும் அந்தச் சிறு திருகுக்குள் பல குக்கர்களில் குறைந்த சூட்டிலேயே உருகும் உலோகக் கலவை வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வற்றிக் குக்கர் காயும்போது உருகி வழிவிடுவதற்காகவே அது அங்கே இருக்கிறது. கேக் வேகும் சூட்டில் அது உருகவோ இளகவோ வாய்ப்பு உண்டு. மறுநாள் அதே மூடியைப் போட்டுப் பருப்பு வேக வைத்தால் அழுத்தம் நிற்காது. ஆகவே குக்கர் மூடியை அலமாரியிலேயே விட்டுவிட்டு, வாயை முழுதாக மூடும் ஒரு கனமான தட்டையோ, பிடியில் பிளாஸ்டிக் இல்லாத வேறொரு மூடியையோ கவிழ்த்து வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். சூடு வீணாகாமல் இருக்க அந்தத் தட்டு விளிம்போடு ஒட்டி உட்கார வேண்டும்.

தண்ணீர் இல்லாமல் நெடுநேரம் காய்வது அலுமினியக் குக்கருக்கு நல்லதல்ல, அடி நெளிந்துபோகலாம். அன்றாடம் சோறு வடிக்கும் புதுக் குக்கரை இதற்கு எடுக்காமல், கேஸ்கெட் போய்ப் பரணில் கிடக்கும் பழைய குக்கர் ஒன்றை ஒதுக்கிக்கொள்ளலாம். சூட்டைப் பரப்பி விடுவதற்காக அடியில் முக்கால் அங்குல உயரத்துக்குச் சலித்த ஆற்று மணலோ தூள் உப்போ போட வேண்டும். கல் உப்பு வேண்டாம். அதன் படிகங்களுக்குள் சிக்கியிருக்கும் ஈரம் சூட்டில் படபடவென்று வெடித்துத் தெறிக்கும். தூள் உப்பிலும் ஒரு தொல்லை இருக்கிறது. வேலை முடிந்த பிறகு அதை அப்படியே விட்டுவைத்தால் ஈரம் இழுத்து அலுமினியத்தை அரித்துப் புள்ளி புள்ளியாகக் குழி விழச் செய்துவிடும். ஆறியவுடன் ஒரு டப்பாவில் கொட்டி வைத்துக்கொண்டால் அதையே அடுத்த முறையும் பயன்படுத்தலாம். மணலுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதன் மேல் ஓர் அங்குல உயரமுள்ள இரும்பு அல்லது எவர்சில்வர் வளையத்தை வைத்து, அந்த வளையத்தின் மேல்தான் டின் உட்கார வேண்டும்.

தேவையான பொருள்கள்

- மைதா 130 கிராம்
- பொடித்த சர்க்கரை 130 கிராம்
- நடுத்தர அளவு முட்டை மூன்று
- வாசனையில்லாத எண்ணெய் 80 மில்லி
- பால் மூன்று மேசைக்கரண்டி
- பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, தலை தட்டி
- உப்பு ஒரு சிட்டிகை, வெனிலா எசன்ஸ் ஒரு தேக்கரண்டி

முட்டையை எண்ணிக்கையாகப் போடுவதைவிட எடையாகப் பார்ப்பது பாதுகாப்பானது. நாமக்கல்லிலிருந்து சேலத்துக் கடைகளுக்கு வரும் பண்ணை முட்டையில் ஓடு நீக்கி 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். இந்தக் கேக்குக்கு 140 கிராம் அளவில் வேண்டும். நாட்டுக்கோழி முட்டை சிறியது, மஞ்சள் கருவின் பங்கும் அதில் கூடுதல். அதனால் மூன்றுக்குப் பதில் நான்கு உடைத்து, எடை போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த முட்டையானாலும் ஒவ்வொன்றாகச் சிறு கிண்ணத்தில் உடைத்துப் பார்த்த பிறகே பெரிய பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். சித்திரை வைகாசி வெயிலில் கடையின் வெளிப்புறத் தட்டில் அடுக்கியிருந்த முட்டைகளில் ஒன்று கெட்டிருந்தால், அது ஏற்கெனவே உடைத்த இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். தண்ணீரில் போட்டால் படுத்துக் கிடப்பது புதிய முட்டை, நிமிர்ந்து நிற்பது பழையது, மிதப்பது ஆகாதது.

மிகவும் புதிய முட்டையின் வெள்ளைக்கரு கெட்டியாக இருப்பதால் நுரை வரச் சற்று நேரமாகும், ஆனால் வந்த நுரை நிலைத்து நிற்கும். நாள்பட்ட முட்டையின் வெள்ளைக்கரு நீர்த்துப்போயிருப்பதால் நுரை சீக்கிரம் பொங்கும், சீக்கிரமே தண்ணீராகக் கசியவும் செய்யும். குக்கரில் கேக் மெதுவாகத்தான் வேகிறது, நுரை அதிக நேரம் தாக்குப்பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதால், நான்கைந்து நாளுக்குள் வாங்கிய முட்டையே இதற்கு ஏற்றது.

முதலில் அடுப்பு, பிறகு முட்டை

நுரை தயாரான பிறகு பாத்திரத்தைச் சூடாக்கத் தொடங்கக் கூடாது. கலந்த மாவு காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் குமிழ்கள் சிறுகச் சிறுக உடைகின்றன. எனவே எல்லாவற்றையும் அளந்து வைத்துக்கொண்டு, டின்னின் அடியில் பட்டர் பேப்பர் விரித்து, பக்கங்களில் எண்ணெய் தடவி மைதாவைத் தூவித் தட்டிவிட்டு, முட்டையை அடிக்கத் தொடங்கும்போதே மணலும் வளையமும் வைத்த பாத்திரத்தை மூடி நடுத்தரத் தீயில் வைத்துவிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அது சூடேறிவிடும்.

எவ்வளவு சூடேறியிருக்கிறது என்பதை அறிய வெப்பமானி இல்லாவிட்டால் மைதாவே போதும். முதன்முறை செய்பவர்கள் கேக் செய்வதற்கு முந்தைய நாள் இதைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரு சிறிய எவர்சில்வர் தட்டில் ஒரு தேக்கரண்டி மைதாவைப் பரப்பி, சூடான பாத்திரத்துக்குள் வளையத்தின் மேல் வைத்து மூடி, ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். இளம் பொன்னிறமாக மாறியிருந்தால் கேக்குக்குச் சரியான சூடு. வெள்ளையாகவே இருந்தால் போதாது. கரும்பழுப்பாகிவிட்டால் தீ அதிகம். உங்கள் அடுப்பில் எந்தப் பர்னரில், தீயைக் கூட்டிக் குறைக்கும் திருகு எந்த இடத்தில் நிற்கும்போது பொன்னிறம் கிடைக்கிறது என்று ஒரு முறை தெரிந்துகொண்டால், பிறகு எப்போதும் அதே இடம்தான். பெரும்பாலான வீடுகளில் அது சின்ன பர்னரில் சிம்முக்குச் சற்று மேலே இருக்கும்.

முட்டையை அடித்தல்

முட்டைகள் அறைச் சூட்டில் இருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த முட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுவைத்தால் போதும். சேலத்துக் கோடையில் அதுவும் தேவைப்படாது. எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத எவர்சில்வர் பாத்திரத்தில் முட்டை, சர்க்கரை, உப்பு மூன்றையும் போட்டு, மின்சாரக் கைபீட்டரால் முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏழெட்டு நிமிடம் அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் பாத்திரத்தில் எவ்வளவு கழுவினாலும் எண்ணெய்ப் பசை ஒட்டியிருக்கும், அது நுரையைக் கெடுக்கும். மிக்ஸியில் அடித்தால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. சாதாரண மிக்ஸியின் பிளேடு முட்டையை வெட்டிக் கலக்குமே தவிர, காற்றை உள்ளே இழுத்துத் தக்கவைக்காது. மேலே தெரியும் பெரிய குமிழ்கள் மாவைச் சேர்த்ததும் மறைந்துவிடும். சர்க்கரை பொடிக்க மட்டும் மிக்ஸி உதவும்.

அடிக்க அடிக்க என்ன மாறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் இரண்டு நிமிடத்தில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறமும் சோப்பு நுரை போன்ற பெரிய குமிழ்களும் தெரியும். நான்கைந்து நிமிடத்தில் நிறம் வெளுத்து, குமிழ்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடும். முடிவில் கலவை ஏறக்குறைய மூன்று மடங்காகி, சந்தன நிறத்தில் தடிப்பாக நிற்கும். அப்போது பீட்டரைத் தூக்கினால் நாடா போல வழிய வேண்டும். வழிந்த தடம் மேற்பரப்பில் மூன்று நான்கு விநாடி அழியாமல் கிடக்க வேண்டும். விழுந்த உடனே மறைந்தால் இன்னும் அடிக்க வேண்டும். இதுதான் இந்தக் கேக்கின் மையமான கட்டம், இங்கே அவசரப்பட்டால் பேக்கிங் பவுடரால் ஈடுகட்ட முடியாது. பேக்கிங் பவுடர் இருக்கும் குமிழ்களைப் பெரிதாக்குமே ஒழிய, புதிதாகக் குமிழ்களை உண்டாக்குவதில்லை.

கைபீட்டர் இல்லாமல் கம்பி விஸ்க் மட்டும் இருந்தால் முட்டையைப் பிரித்து அடிப்பதுதான் வழி. வெள்ளைக்கருவை மட்டும் அடித்து, நுரை வந்ததும் பாதிச் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கம்பியைத் தூக்கினால் நுரையின் முனை வளைந்து நிற்கும் வரை அடிக்க வேண்டும். மஞ்சள் கருவை மீதிச் சர்க்கரையோடு தனியாக அடித்து இரண்டையும் மென்மையாகச் சேர்க்கலாம். வெள்ளைக்கருவில் ஒரு துளி மஞ்சள் கரு விழுந்திருந்தாலும் அதிலுள்ள கொழுப்பு நுரையைத் தடுத்துவிடும் என்பதால் பிரிக்கும்போது கவனம் வேண்டும். உடைந்த முட்டை ஓட்டின் முனையாலேயே அந்தத் துளியை எடுத்துவிட முடியும்.

சர்க்கரை இங்கே இனிப்புக்காக மட்டும் போடப்படுவதில்லை. முட்டையின் நீரில் கரைந்து அதைத் தடிப்பாக்கி, குமிழ்ச்சுவரிலிருந்து நீர் வடிவதைத் தாமதப்படுத்துகிறது. கூடவே முட்டை இறுகும் வெப்பநிலையையும் அது உயர்த்திவிடுகிறது. வெறும் வெள்ளைக்கரு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இறுகத் தொடங்கி 80 டிகிரியைத் தாண்டும்போது உறுதியாகிறது. சர்க்கரையும் பாலும் கலந்த மாவில் அது இன்னும் மேலே தள்ளிப்போகிறது. ஓவனில் இந்தத் தாமதம் ஒரு பொருட்டில்லை. சூடு மெதுவாக ஏறும் குக்கரிலோ, முட்டை இறுகுவதற்குள் குமிழ்கள் களைத்துப்போகின்றன. எனவே மைதாவின் எடையைத் தாண்டிச் சர்க்கரை போகக் கூடாது. இனிப்பு கூடுதலாக வேண்டுமென்பவர்கள் ஆறிய கேக்கின் மேல் சர்க்கரைப் பாகு தெளித்துக்கொள்ளலாம்.

மாவையும் எண்ணெயையும் சேர்த்தல்

மைதாவையும் பேக்கிங் பவுடரையும் இரண்டு முறை சலித்து, மூன்று பங்காக நுரையின் மேல் தூவி, அகன்ற கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டிச் சேர்க்க வேண்டும். சுற்றிச் சுற்றிக் கிண்டினால் ஒரு பக்கம் நுரை போகும், மறுபக்கம் மைதா இழுவையாகிவிடும். வெள்ளைத் தடம் மறைந்ததும் நிறுத்திவிடலாம்.

எண்ணெயைச் சேர்ப்பதில்தான் பல கேக்குகள் கெடுகின்றன. எண்ணெயை நேராக நுரையின் மேல் ஊற்றினால் அது நுரையைத் துளைத்துக்கொண்டு அடிக்கு இறங்கிவிடும். வெந்த பிறகு அடியில் கால் அங்குலத்துக்குக் களி போன்ற பட்டை கிடைக்கும். அதற்குப் பதிலாக, எண்ணெய், பால், வெனிலா மூன்றையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து, மைதாவைத் தூவும் முன்பே முட்டை நுரையில் இரண்டு குழிக்கரண்டி அள்ளி அதில் போட்டு நன்றாகவே கலக்க வேண்டும். இந்த இரண்டு கரண்டி நுரை போனால் போகட்டும். மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின் என்ற பொருள் எண்ணெயையும் பாலையும் ஒன்றாகப் பிணைத்துவிடும். அந்தக் கலவையும் நுரையின் தடிப்புக்கு நெருங்கி வந்துவிடும். மைதா சேர்த்த பிறகு அதை ஓரமாக ஊற்றி, பத்துப் பன்னிரண்டு புரட்டலில் முடிக்கலாம். டின்னில் ஊற்றினால் பாதி உயரம் வர வேண்டும். பாதிக்கு மிகவும் கீழே நின்றால் நுரை போய்விட்டது என்று பொருள். டின்னை ஒரே ஒரு முறை மேடையில் லேசாகத் தட்டி, பெரிய குமிழ்களை மட்டும் வெளியேற்றினால் போதும். பச்சை முட்டை கலந்த மாவைச் சுவை பார்ப்பதும் குழந்தைகளுக்குக் கரண்டியை நக்கக் கொடுப்பதும் வேண்டாம்.

வேக வைத்தல்

சூடான பாத்திரத்துக்குள் டின்னை இடுக்கியால் இறக்கி வைத்து, மூடி, முதல் ஐந்து நிமிடம் நடுத்தரத் தீயிலேயே விட வேண்டும். திறந்தபோது வெளியேறிய சூட்டை அது ஈடுகட்டிவிடும். பிறகு தீயைக் குறைத்து, மைதா பொன்னிறமான அந்த அளவில் நிறுத்த வேண்டும். மொத்தம் 40 முதல் 50 நிமிடம் ஆகும். முதல் 30 நிமிடம் என்ன ஆனாலும் திறக்கக் கூடாது. அந்த நேரத்தில் குமிழ்கள் முழுமையாக விரிந்திருக்கும், சுவர்கள் இறுகியிருக்காது. திறந்தவுடன் உள்ளே போகும் குளிர்ந்த காற்றில் குமிழ்களுக்குள் இருக்கும் நீராவியும் காற்றும் சுருங்கும், இறுகாத சுவர்கள் கூடவே இழுபட்டுப் படுத்துவிடும். மூடியைத் திறக்காமலே ஓரளவு தெரிந்துகொள்ள மூக்கு உதவும். முதல் கால் மணி நேரம் வாசனை எதுவும் பெரிதாக இருக்காது, பிறகு வேகும் முட்டையின் வாடை வரும், அது மெல்லக் குறைந்து பிஸ்கட் வாசனையாக மாறும்போது கேக் வேகும் தறுவாயில் இருக்கிறது.

ஓவனில் ஈரம் வெளியேறிவிடும். மூடிய பாத்திரத்தில் அது உள்ளேயே சுற்றி, தட்டின் அடியில் முத்து முத்தாகப் பூத்து, கேக்கின் மேல் சொட்டும். சொட்டிய இடங்களில் பிசுபிசுப்பான குழிகள் விழும். மூடியை மெல்லிய பருத்தித் துணியால் சுற்றி முடிச்சை மேலே போட்டுக் கட்டினால் அந்த ஈரத்தைத் துணி உறிஞ்சிக்கொள்ளும். துணியின் நுனி தீப்பக்கம் தொங்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம். துணி கட்ட விருப்பமில்லாதவர்கள் 30 நிமிடத்துக்குப் பிறகு மூடியை நூலிழை அளவு நகர்த்தி வைக்கலாம். மேற்புறம் ஓவனில் போலச் சிவக்காது என்பதையும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. மேலிருந்து சூடு இறங்காததால் அது வெளுப்பாகத்தான் இருக்கும், அதனால் கேக் வேகவில்லை என்று எண்ணி மேலும் பத்து நிமிடம் விட்டால் அடி கருகும். சிவந்த மேற்புறம் வேண்டுமென்றே நினைப்பவர்கள் கேக்கைக் கவிழ்த்து, பழுப்பாக இருக்கும் அடிப்பக்கத்தை மேலாக வைத்துப் பரிமாறுகிறார்கள். அது போதுமான தீர்வு.

40 நிமிடம் ஆனதும் ஒரு சுத்தமான ஈர்க்குச்சியை நடுவில் குத்தி எடுத்துப் பாருங்கள். பச்சை மாவு ஒட்டக் கூடாது; ஓரிரு உலர்ந்த துகள் ஒட்டினால் பரவாயில்லை. விரலால் நடுவில் மெல்ல அழுத்தினால் குழி விழாமல் மேலே எழும்ப வேண்டும். முட்டை இறுகிவிட்டது என்பதற்கு ஈர்க்குச்சியைவிட இந்த விரல் சோதனையையே நான் நம்புவேன், ஏனெனில் முட்டை சரியாக இறுகாத நிலையிலும் குச்சி சில நேரம் சுத்தமாக வந்துவிடும். ஓரங்கள் டின்னிலிருந்து நூலளவு விலகியிருப்பதும் நல்ல அடையாளம். அடுப்பை அணைத்ததும் வெளியே எடுத்துவிடாமல், மூடியைப் பாதி திறந்த நிலையில் ஐந்து நிமிடம் உள்ளேயே விட்டு, பிறகு எடுத்துப் பத்து நிமிடம் ஆறவைத்துக் கவிழ்க்க வேண்டும். ஆறும்போது அரை சென்டிமீட்டர் அளவுக்கு இறங்குவது இயல்பு.

அறுத்துப் பார்த்தால் தெரிவது

கேக் சரியில்லை என்றால் காரணத்தை வெட்டிய பக்கமே சொல்லிவிடும். அடியில் மட்டும் ஈரமான, ரப்பர் போன்ற பட்டை இருந்தால் எண்ணெய் கலக்காமல் இறங்கியிருக்கிறது, அல்லது நாடா பதம் வரும் முன் அடிப்பதை நிறுத்தியிருக்கிறோம். நடு குழிந்து, குழிக்குக் கீழே நெருக்கமான பசை போன்ற பகுதி இருந்தால் முட்டை இறுகும் முன் மூடி திறக்கப்பட்டிருக்கிறது அல்லது சூடு போதவில்லை. நடு குழிந்தும் உள்ளே பெரிய பெரிய ஓட்டைகள் இருந்தால் பேக்கிங் பவுடர் அதிகம். குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, சுவர் தாங்காமல் உடைந்திருக்கின்றன. நடு கூம்பாக எழுந்து பிளந்து, அடியும் ஓரமும் கறுத்திருந்தால் தீ அதிகம்.

முட்டை வாடை அடிக்கிறது என்ற புகாருக்கு எசன்ஸைக் கூட்டுவதுதான் பலரும் செய்யும் வைத்தியம். வெள்ளைக்கருவின் புரதத்தில் கந்தகம் இருக்கிறது, அதிக நேரம் சூட்டில் கிடந்தால் அது வாடையாக வெளிவருகிறது. கூடுதலாக அவித்த முட்டையில் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் விழுவதும் அதனால்தான். எனவே வெந்தவுடன் இறக்குவதும், முழுதாக ஆறிய பிறகு வெட்டுவதுமே சரியான வழி. அத்துடன் ஓர் ஆரஞ்சுப் பழத்தின் மேல்தோலைத் துருவி, வெள்ளைப் பகுதி படாமல், எண்ணெயில் சேர்த்துக்கொண்டால் மிச்சமிருக்கும் வாடையும் தெரியாது.

ஏற்காட்டில் செய்வதானால்

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனதும் காற்றழுத்தம் குறைந்துவிடுகிறது, தண்ணீர் 95 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறது. கேக்கைப் பொறுத்தவரை இதனால் இரண்டு காரியம் நடக்கிறது. வெளியிலிருந்து அழுத்தும் காற்று குறைவதால் குமிழ்கள் சேலத்தில் விரிவதைவிட அதிகமாகவும் சீக்கிரமாகவும் விரிகின்றன. மாவின் ஈரம் சீக்கிரம் ஆவியாகி, கேக்கின் உட்புறம் சூடேறுவதைப் பின்னுக்கு இழுக்கிறது. எழுவது முந்துகிறது, இறுகுவது பிந்துகிறது. சேலத்தில் சரியாக வந்த அதே அளவு அங்கே நடுவில் குழிவது இதனால்தான்.

மாற்ற வேண்டியவை அதிகமில்லை. பேக்கிங் பவுடரை ஒரு தேக்கரண்டியிலிருந்து முக்கால் தேக்கரண்டியாகக் குறைக்க வேண்டும். சர்க்கரையை 130 கிராமிலிருந்து 115 கிராமாகக் குறைத்தால் முட்டை சற்று முன்பே இறுகும். ஆவியாகும் ஈரத்துக்கு ஈடாகப் பாலை மூன்றிலிருந்து நான்கு மேசைக்கரண்டியாக்க வேண்டும். நான்காவது மாற்றம் பலரும் எதிர்பார்க்காதது: முட்டையைச் சற்றுக் குறைவாக அடிக்க வேண்டும். நாடாவின் தடம் மூன்று நான்கு விநாடிக்குப் பதில் ஒன்றிரண்டு விநாடியில் மறையும் நிலையிலேயே நிறுத்திவிடலாம், ஏனெனில் அங்கே குமிழ்கள் விரிய இன்னும் இடம் வேண்டும். முழுதாக அடித்த நுரையின் சுவர்கள் ஏற்கெனவே மெலிந்திருப்பதால் அந்தக் கூடுதல் விரிவைத் தாங்குவதில்லை. டின்னில் ஊற்றும்போது பாதிக்குச் சற்றுக் குறைவாக இருந்தாலும் கவலைப்பட வேண்டாம்.

தீயைச் சேலத்தில் வைத்ததைவிடச் சிறிது கூட்டி வைக்க வேண்டியிருக்கும். மார்கழிக் குளிரில் பாத்திரத்தின் பக்கங்களிலிருந்து சூடு வேகமாக வெளியேறும், ஜன்னல் வழியாக வரும் காற்று சுடரையும் ஒருபுறமாகச் சாய்க்கும். எனவே அடுப்புப் பக்கத்து ஜன்னலை மூடிவிட்டு, எரிவாயு உள்ள அறையில் எதிர்ப்பக்கத்து ஜன்னல் ஒன்றைத் திறந்து வைத்து, மைதா சோதனையை மலையிலேயே ஒருமுறை புதிதாகச் செய்து பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே அறைச் சூட்டு முட்டை என்பதும் குளிர்ந்த முட்டைதான். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போடுவதைத் தவிர்க்க முடியாது. முட்டையும் சர்க்கரையும் இருக்கும் பாத்திரத்தை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல், அடி தண்ணீரில் படாமல் வைத்து, விரல் வைத்தால் இளஞ்சூடாக உணரும் வரை கலக்கிவிட்டு அடித்தால் சர்க்கரையும் கரையும், நுரையும் வேகமாக வரும். பாத்திரம் வெந்நீரின் மேல் இருக்கும்போது கலக்குவதை நிறுத்தினால் அடியில் முட்டை வெந்து திப்பி திப்பியாகிவிடும். அப்படித் திப்பி தட்டிவிட்டால் வடிகட்டிப் பயனில்லை, அந்த முட்டையைப் பொரியலுக்குத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வேகும் நேரம் ஐந்து முதல் பத்து நிமிடம் கூடலாம். திறக்கக் கூடாத அந்த முதல் 30 நிமிடத்தையும் அங்கே 35 ஆக எடுத்துக்கொள்ளுங்கள்.